"ஏலக்காய் விலை" என்று தேடுபவருக்கு என்ன வேண்டும்? தேடல் நோக்கமும் கட்டுரை வடிவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம், போடி, குமுளி வட்டாரத்தில் கடைக்கோ தோட்டத்துக்கோ சொந்தமாக வெப்சைட் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஏலக்காயையே உதாரணமாக எடுத்திருக்கிறேன். இங்கே யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத பொருள், அதோடு மூன்று வகைத் தேடலும் ஒரே சொல்லில் வந்து முட்டிக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

தகவல் தேடுறது, வாங்கத் தேடுறது, தளத்தைத் தேடுறதுன்னு மூணா பிரிக்கிறாங்களே, இது எங்கிருந்து வந்தது?

2002-ல் ஆண்ட்ரே பிராடர் என்ற ஆய்வாளர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து. அப்போது பெயர் பெற்றிருந்த அல்டாவிஸ்டா தேடுபொறியில் மக்கள் என்ன தட்டினார்கள் என்பதைப் பார்த்து, அவர்களிடமே கருத்தும் கேட்டு, இந்த மூன்றாகப் பிரித்தார். ஒன்றைத் தெரிந்துகொள்ளத் தேடுவது, ஒரு காரியத்தை முடிக்கத் தேடுவது, ஏற்கெனவே தெரிந்த ஒரு தளத்துக்குப் போகத் தேடுவது. இரண்டாவது வகையைப் பலரும் 'வாங்குவது' என்று சுருக்கிவிடுகிறார்கள். பிராடர் சொன்னது அதைவிட அகலமானது. ஒரு விண்ணப்பப் படிவத்தை டவுன்லோடு செய்வதும், படகுக்கு டிக்கெட் போடுவதும் அதில் சேரும்.

எந்த வகை எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள். பிராடர் தேடுபொறியின் பதிவுகளை வைத்துப் பிரித்தபோது தகவல் தேடல் கிட்டத்தட்ட பாதி. 2008-ல் ஜான்சனும் கூட்டாளிகளும் வேறு ஒரு தேடுபொறியின் பதிவுகளை வைத்துப் பிரித்தபோது அதுவே 80 சதவீதத்தைத் தாண்டியது. பிரிக்கும் அளவுகோல் மாறினால் எண்ணும் மாறிவிடும். உங்களுக்கு வேண்டியது உங்கள் பக்கத்துக்கு வருகிறவர் எந்த வகை என்பது மட்டும்தான்.

"ஏலக்காய் விலை"ன்னு ஒருத்தர் தேடினா அது எந்த வகை?

மூன்றும்தான், சிக்கலே அங்கேதான் இருக்கிறது. இந்த இரண்டு சொல்லைத் தட்டுகிற மூன்று பேரை நினைத்துப் பாருங்கள்.

முதல் ஆள் வண்டன்மேட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் விவசாயி. காய் உலர்த்தி மூட்டை கட்டி வைத்திருக்கிறார், இந்த வாரம் ஏலத்துக்கு அனுப்புவதா இன்னும் கொஞ்சம் வைத்திருப்பதா என்று யோசிக்கிறார். அவருக்கு வேண்டியது இன்றைய ஏலத்தின் சராசரி விலை, அதிகபட்ச விலை, எவ்வளவு காய் வந்தது, எவ்வளவு விற்றது என்பதுதான். இது தகவல் தேடல். அதிலும் நேற்றைய எண்ணுக்கு மதிப்புக் குறைந்துபோகும் தேடல்.

இரண்டாவது ஆள் மதுரையிலோ சென்னையிலோ வீட்டுக்கு 100 கிராம் வாங்க நினைப்பவர். தீபாவளிக்குப் பலகாரம் செய்யப் போகிறார், கடையில் கேட்ட விலை அதிகமாகத் தெரிந்தது, நேராகக் குமுளியிலிருந்து வரவழைத்தால் எவ்வளவு ஆகும் என்று பார்க்கிறார். இது வாங்கும் தேடல்.

மூன்றாவது ஆளுக்கு ஸ்பைசஸ் போர்டு தன் இணையதளத்தில் ஏல விவரத்தைப் போடும் என்பது ஏற்கெனவே தெரியும். முகவரி நினைவில்லாததால் கைக்கு வந்ததைத் தட்டுகிறார். அவர் போக வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

இதில் யார் அதிகம் என்பதை உட்கார்ந்து ஊகிக்க வேண்டியதில்லை, கூகுளே காட்டிவிடும். பிரவுசரில் மறைநிலை விண்டோ திறந்து, வழக்கமாக லாகின் செய்திருக்கும் கூகுள் கணக்கில் தேடாமல், `ஏலக்காய் விலை` என்று போட்டு முதல் பத்து முடிவுகளின் தலைப்பை மட்டும் படியுங்கள். தலைப்புகளில் "இன்று", "நிலவரம்", "ஏலம்" என்று தேதியோடு வந்தால் கூகுள் இதை விவசாயியின் தேடலாக எடுத்துக்கொண்டிருக்கிறது. பொருள் படமும் ரூபாய் விலையும் கூடைக் குறியும் வந்தால் வாங்குகிறவரின் தேடலாக எடுத்திருக்கிறது. இரண்டும் கலந்து வந்தால் கூகுளுக்கே நிச்சயமில்லை என்று அர்த்தம், அங்கே இரண்டு பக்கத்தில் எதற்கும் இடம் உண்டு.

இப்போது சொல்லைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். `ஏலக்காய் விலை இன்று போடி` என்றால் சந்தேகமே இல்லை, ஏல நிலவரம். `ஏலக்காய் 100 கிராம் விலை` என்றால் வீட்டுக்கு வாங்குகிறவர், ஏனென்றால் யாரும் 100 கிராமை ஏலத்தில் விடுவதில்லை. `ஏலக்காய் 1 கிலோ விலை` தான் குழப்பம். ஏல விலையும் கிலோ கணக்கில்தான், ஹோட்டல்காரர் வாங்குவதும் கிலோ கணக்கில்தான். இந்தத் தேடலுக்கு மட்டும் முடிவுப் பக்கத்தைப் பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள்.

அப்போ ஒரே பெரிய கட்டுரையா எல்லாத்தையும் சேர்த்துப் போட்டா மூணு பேருக்கும் ஆச்சே?

ஆகாது. பலரும் செய்வது இதுதான்: ஏலக்காய்க்கு 'மசாலாக்களின் ராணி' என்று பெயர் என்பதில் ஆரம்பித்து, மருத்துவப் பலன்கள், சாகுபடி முறை, நடுவில் ஒரு விலை, கடைசியில் "ஆர்டர் செய்ய அழைக்கவும்". விவசாயி எண்ணைத் தேடி விரலால் தள்ளித் தள்ளிக் களைத்து வெளியேறுவார். வாங்க வந்தவர் பார்த்த விலை ஏல விலையா கடை விலையா என்று தெரியாமல் போனில் சண்டைக்கு வருவார், அதில் அவர் பக்கம் தவறே இல்லை. ஏல விலை என்பது பெரும்பாலும் தரம் பிரிக்காத காய் மொத்தமாக, லாட்டாகப் போகும் விலை. உங்கள் கடையில் இருப்பது சல்லடையில் சலித்து எடுத்த 8 எம்எம் காய். அதோடு கழிவு, ஜிஎஸ்டி, பேக்கிங், கூரியர் எல்லாம் ஏறியிருக்கும். இந்த இரண்டு எண்ணும் ஒரே பக்கத்தில் விளக்கமில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நீங்கள் ஏமாற்றுவதாகத்தான் தெரியும்.

கூகுளுக்கும் இதே குழப்பம்தான். தலைப்பு "ஏலக்காய்: விலை, பயன்கள், வாங்குவது எப்படி" என்றிருந்தால் எந்தத் தேடலுக்கும் அது முழு விடை இல்லை, எல்லாவற்றுக்கும் பாதி விடை.

சரி, விலை நிலவரப் பக்கத்தை எப்படி அமைக்கிறது?

எண் முதலில் வரட்டும். போனைத் திறந்தால் விரல் வைக்காமலே தெரியும் இடத்தில் தேதி, சராசரி விலை, அதிகபட்ச விலை, மூன்றும் ஒரே வரியில். அதற்குக் கீழே ஒரு சின்ன அட்டவணை: ஏலம் நடத்திய நிறுவனம், வந்த லாட்டுகள், வந்த அளவு கிலோவில், விற்ற அளவு, அதிகபட்சம், சராசரி. ஸ்பைசஸ் போர்டும் ஏறக்குறைய இந்தப் பத்திகளில்தான் வெளியிடுகிறது. விவசாயியின் கண் அந்த வரிசைக்குப் பழகியிருப்பதால் நீங்கள் புதிதாக ஒரு வரிசை கண்டுபிடிக்க வேண்டாம். ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட ஏலம் நடக்கும் நாட்களில் இரண்டையும் தனித்தனி வரியாகப் போடுங்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்துப் போட்டால் எந்த ஏலத்துக்கும் பொருந்தாத ஓர் எண் வரும்.

அட்டவணைக்குக் கீழே முந்தைய ஏலங்களின் எண்கள். ஏனென்றால் விலை என்ன என்பதைவிட ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் அவரது உண்மையான கேள்வி, அந்தக் கேள்வியை அவர் தட்டுவதில்லை, மனதில் வைத்திருக்கிறார். இதைப் புரிந்துகொண்டு எழுதிய பக்கத்துக்கு அவர் மறுநாளும் வருவார். அதற்கும் கீழே, இரண்டு பத்தியில், புத்தடியிலும் போடியிலும் மின்னணு ஏலம் எப்படி நடக்கிறது, சராசரிக்கும் அதிகபட்சத்துக்கும் ஏன் அவ்வளவு இடைவெளி என்ற விளக்கம். இது புதிதாக வருபவருக்கு. தெரிந்தவர் அங்கே வரை வரமாட்டார், வர வேண்டிய அவசியமும் இல்லை.

எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே சொல்லி, போர்டின் ஏலப் பக்கத்துக்கு லிங்கும் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது ஆளின் வேலை அதிலேயே முடிந்துவிடும்.

ஏலம் இல்லாத நாளில் பழைய எண்ணை இன்றைய தேதியில் போடுவது மட்டும் கூடவே கூடாது. "இன்று ஏலம் இல்லை, கடைசி ஏலம் இந்தத் தேதி" என்று எழுதினால் அதுவும் விடைதான்.

தினமும் ஒரு புதுக் கட்டுரையா போடலாமா, ஒரே பக்கத்தை மாத்திக்கிட்டே இருக்கணுமா?

ஒரே முகவரி, `/elakkai-vilai` போல ஒன்று, அதையே ஒவ்வொரு ஏலத்துக்கும் புதுப்பியுங்கள். தினம் ஒரு பக்கம் போட்டால் ஒரு வருடத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஒரே தேடலுக்காக ஒன்றோடொன்று மோதும். போன மாதப் பக்கம் முதலில் வந்து நிற்கும், இன்றைய பக்கம் எங்கோ கிடக்கும். பழைய விவரம் வேண்டும் என்பவர்களுக்கு மாதத்துக்கு ஒரு தொகுப்புப் பக்கம் போதும், அதன் தலைப்பில் மாதமும் வருடமும் இருக்க வேண்டும். `ஏலக்காய் விலை ஆகஸ்ட்` என்று தேடுபவர் பழசைத்தான் தேடுகிறார். அவர் கணக்குப் பார்க்கிற வியாபாரியாகவோ படிக்கிற மாணவராகவோ இருப்பார்.

வாங்க வர்றவங்களுக்கான பக்கத்துல எவ்வளவு எழுதணும்?

கொஞ்சம். ஆனால் எழுதுகிற ஒவ்வொன்றும் அவர் பணம் கட்டுவதற்கு முன் தயங்கும் இடத்துக்கான பதிலாக இருக்க வேண்டும். காயின் அளவு 7 எம்எம்மா 8 எம்எம்மா, கையில் வைத்து எடுத்த படம், நிறம் இயற்கையா, எப்போது உலர்த்திய காய், 50, 100, 250 கிராம் பாக்கெட்டின் விலை கூரியரோடு சேர்த்து எவ்வளவு, எத்தனை நாளில் வந்து சேரும், காய் வெடித்து வந்தால் யாரைக் கேட்பது. ஏலக்காயின் வரலாறு இங்கே வேண்டாம். சாகுபடியும் வேண்டாம். விலைக்கும் வாங்கும் பட்டனுக்கும் நடுவில் நான்கு பத்தி நின்றால் அது வியாபாரத்துக்கு நடுவே போட்ட சுவர்.

'வாங்கலாமா, எதை வாங்கலாம்' என்ற நிலையில் இருப்பவர்களும் உண்டு. `7 எம்எம் 8 எம்எம் ஏலக்காய் வித்தியாசம்` என்று தேடுபவர் இன்னும் பர்ஸை எடுக்கவில்லை. அவருக்கு ஒப்பீட்டுக் கட்டுரை வேண்டும்: இரண்டையும் ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த ஒரு படம், டீக்கும் பாயசத்துக்கும் சின்னக் காயே போதும் என்ற நேர்மையான பேச்சு, கடைசியில் இரண்டு வகைக்கும் வாங்கும் பக்கத்தின் லிங்க். விற்பனைப் பக்கத்தை அவர் முன் வைத்தால் திரும்பிப் போவார், ஒப்பீட்டைப் படித்துவிட்டு வருபவர் விலை கேட்காமலே வாங்குவதும் உண்டு.

ஸ்பைசஸ் போர்டு பேரையோ பெரிய கடை பேரையோ தேடுறவங்களை நம்ம பக்கம் இழுக்க முடியுமா?

முடியாது, முயற்சி செய்யவும் வேண்டாம். பெயரைத் தட்டுகிறவர் கதவு எண் தெரிந்து வருகிறவர், வேறு வீட்டுக்கு முன்னால் நின்று கூப்பிட்டால் நின்று பேசமாட்டார். முதல் முடிவில் அந்தத் தளமே இருக்கும், கிளிக் பெரும்பாலும் அங்கேதான் போகும். தேக்கடி படகு டிக்கெட்டும் இப்படித்தான். `தேக்கடி படகு புக்கிங்` என்று தேடுபவருக்கு வேண்டியது வனத்துறையின், அல்லது கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் பதிவுப் பக்கம். அதைப்பற்றி நீங்கள் எழுதியே ஆக வேண்டும் என்றால் முதல் வரியிலேயே அந்த லிங்கைக் கொடுத்துவிட்டு, எந்தப் படகு யாருடையது, கம்பத்திலிருந்து காலைப் படகுக்குக் கிளம்புவது எப்படி என்று அந்தத் தளம் சொல்லாததை எழுதுங்கள்.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டிய பெயர் உங்களுடையது. உங்கள் கடைப் பெயரைத் தட்டினால் உங்கள் முகப்புப் பக்கம் வருகிறதா? கூகுள் பிசினஸ் புரொஃபைலில் போன் நம்பர், திறந்திருக்கும் நேரம், மேப்பில் கடை நிற்கும் இடம் சரியா? குமுளியில் எல்லையிலிருந்து நாலு எட்டில் ஒரே மாதிரிப் பெயருள்ள மசாலாக் கடைகள் வரிசையாக இருக்கும்போது, மேப்பில் குறி ஒரு கட்டடம் தள்ளி விழுந்தாலே வாடிக்கையாளர் அடுத்த கடைக்குள் போய்விடுவார். இந்தப் பக்கத்துக்குக் கட்டுரையே தேவையில்லை, முகவரியும் போனும் வழியும் போதும்.

தமிழ்ல தேடுறாங்க, இங்கிலீஷ் எழுத்துல தேடுறாங்க, மலையாளத்துல தேடுறாங்க. ஒவ்வொண்ணுக்கும் தனிப் பக்கமா?

தமிழ் எழுத்தில் `ஏலக்காய் விலை`, ஆங்கில எழுத்தில் `elakkai vilai today`, `yelakkai rate` எல்லாம் ஒரே ஆளின் ஒரே கேள்வி. அவற்றுக்குத் தனித்தனிப் பக்கம் போடாதீர்கள், ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, முகவரியில் ஆங்கில எழுத்தை வைத்தால் பெரும்பாலும் போதும். மலையாளம் வேறு கதை. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அதே எண்தான் வேண்டும், ஆனால் படிக்கிற எழுத்து வேறு. அட்டவணை அப்படியே இருக்கலாம், தலைப்பும் விளக்கமும் மலையாளத்தில் உள்ள தனிப் பக்கமாகப் போட்டு, எந்தப் பக்கம் எந்த மொழிக்கு என்று கூகுளுக்குச் சொல்லும் `hreflang` குறியால் இரண்டையும் இணைத்துவிடுங்கள். நல்ல மலையாளம் எழுத ஆள் இல்லையென்றால் அதைத் தொடாமல் விடுவதே மேல்.

நம்ம பக்கம் தப்பான ஆளுக்குப் போகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உங்கள் தளம் எந்தத் தேடல்களில் வருகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து, தேடுசொல் வடிகட்டியில், பல சொற்களில் எது இருந்தாலும் பிடிக்கும் ரீஜெக்ஸைத் தேர்ந்து, முதலில் இதைப் போடுங்கள்:

```
இன்று|நிலவரம்|ஏலம்|indru|today|auction
```

அப்புறம் இதை:

```
வாங்க|ஆர்டர்|கிராம்|buy|order|online|gram
```

ஒவ்வொன்றையும் போட்ட பிறகு பக்கங்கள் என்ற தாவலுக்குப் போய் எந்தப் பக்கம் அந்தத் தேடல்களைப் பிடிக்கிறது என்று பாருங்கள். 'விலை' என்ற சொல்லை நான் வேண்டுமென்றே இரண்டிலும் சேர்க்கவில்லை, அது இரண்டு பக்கமும் ஓடும்.

உதாரணத்துக்கு, முதல் வடிகட்டியில் உங்கள் விற்பனைப் பக்கம் ஆயிரம் முறை காட்டப்பட்டு எட்டு கிளிக் மட்டும் வாங்கியிருக்கிறது, சராசரி இடம் ஐந்துக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடம் நன்றாக இருந்தும் கிளிக் இல்லை என்றால் எழுத்தின் தரத்தில் குறை தேட வேண்டாம். விவசாயிகள் தலைப்பில் "வாங்க" என்பதைப் பார்த்துக் கடந்து போகிறார்கள். இதற்கு வைத்தியம் விற்பனைப் பக்கத்தில் ஏல நிலவரத்தைத் திணிப்பது இல்லை, நிலவரத்துக்குத் தனிப் பக்கம் தொடங்கி, விற்பனைப் பக்கத் தலைப்பில் பாக்கெட் அளவைச் சேர்ப்பது.

இன்னொரு அறிகுறி, ஒரே தேடலுக்கு உங்கள் இரண்டு பக்கங்கள் மாறி மாறி வருவது. ஒரு தேடுசொல்லைச் சொடுக்கிப் பக்கங்கள் தாவலுக்குப் போனால் இரண்டும் தெரியும். இரண்டும் ஒரே ஆளுக்கான பக்கம் என்றால் ஒன்றாகச் சேர்த்து, பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 திருப்பலைப் போடுங்கள். வேறு வேறு ஆளுக்கானவை என்றால் சேர்க்க வேண்டாம், தலைப்புகளைத்தான் பிரிக்க வேண்டும்.

மூன்றாவது, கிளிக் நிறைய, போன் வரவில்லை. நிலவரப் பக்கத்தில் இது இயல்பு. அந்தப் பக்கத்தின் வேலை ஆர்டர் பிடிப்பதில்லை, அங்கே வருகிறவர் விற்கிற ஆள், வாங்குகிற ஆள் இல்லை. அந்தப் பக்கத்தை ஆர்டர் எண்ணிக்கையால் அளந்து "பிரயோஜனமில்லை" என்று மூடிவிடுகிறவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். மிகக் குறைவான பேர் தட்டுகிற சொற்களைத் தனியுரிமைக்காக கூகுள் இந்த அறிக்கையில் காட்டாது. சின்னக் கடைகளுக்கு அந்தக் காட்டாத பகுதி பெரிதாகவே இருக்கும். அதனால் கடைக்குப் போன் செய்கிறவர்கள் முதலில் கேட்கும் வாக்கியத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அறிக்கையில் இல்லாத தேடல்கள் அதில் இருக்கும்.

ஒருதடவை சரியா பிரிச்சா போதுமா? சீசனுக்கு மாறுமா?

மாறும். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்கள் கம்பம், குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகிறார்கள். அப்போது `குமுளி ஏலக்காய்` என்று தேடுகிறவர் பெரும்பாலும் வண்டியில் உட்கார்ந்திருப்பார், திரும்பும் வழியில் எந்தக் கடை, எத்தனை மணி வரை திறந்திருக்கும், பஸ் நிறுத்த இடம் உண்டா என்பதுதான் அவர் கேள்வி. அந்த மாதங்களில் மறுபடி மறைநிலையில் தேடிப் பாருங்கள், மேப் மேலே ஏறியிருந்தால் கட்டுரையை விட்டுவிட்டு பிசினஸ் புரொஃபைலில் நேரத்தைத் திருத்துவதே முதல் வேலை.

எல்லாப் பக்கத்துலயும் கடைசியில கேள்வி-பதில் சேர்த்தா கூகுள்ல பெருசா தெரியும்னு சொல்றாங்களே?

முன்பு தெரிந்தது. 2023 ஆகஸ்டில் கூகுள் அந்தச் சலுகையை அரசு, சுகாதாரத் தளங்களோடு நிறுத்திக்கொள்வதாக அறிவித்துவிட்டது, மசாலாக் கடைக்கு அது இல்லை. ஆகவே வருகிறவருக்கு உண்மையில் சின்னச் சின்ன சந்தேகங்கள் பல இருந்தால் மட்டும் கேள்வி-பதிலாக எழுதுங்கள். வாங்கும் பக்கத்தில் கூரியர், திருப்பி அனுப்புவது பற்றி இரண்டு மூன்று போதும். விலை நிலவரத்தில் "இன்று ஏலக்காய் விலை என்ன?" என்று கேள்வியாகப் போட்டு அதன் கீழே எண்ணை வைத்தால் விவசாயிக்கு ஒரு வரி கூடுதலாகப் படிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.